பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா? வீடு பறிபோகும் தவறுகள்

திருப்பூரில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பனியன் யூனிட் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு 70 சதவீதப் பங்கு, இன்னொருவருக்கு 30. லாபம், நஷ்டம் இரண்டும் அதே விகிதத்தில்தான் என்று பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் எழுதியும் விட்டார்கள். நஷ்டம் வந்தால் முப்பது சதவீதத்தோடு தன் பாடு முடிந்தது என்று இரண்டாமவர் நம்புகிறார். பலரும் முதலில் செய்யும் தவறு இதுதான்.

தொழில் நொடித்துப்போகிறது. நூல் வாங்கிய மில்லுக்கு 18 லட்சம் பாக்கி. மெஷின், சரக்கு எல்லாம் விற்றும் 5 லட்சம்தான் தேறுகிறது. மீதி 13 லட்சம். எழுபது சதவீதக்காரரிடம் சொத்து எதுவும் இல்லை. முப்பது சதவீதக்காரருக்குச் சொந்த வீடு இருக்கிறது. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவுப்படி, நிறுவனத்தின் கடனுக்குக் கூட்டாளிகள் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. அதனால் மில்காரர் அந்த 13 லட்சம் முழுவதையும் வீடு வைத்திருப்பவரிடமே கேட்கலாம். பத்திரத்தில் எழுதிய விகிதம் நண்பர்கள் இருவருக்குள் மட்டும்தான் செல்லும். கட்டியவர் 9 லட்சத்து 10 ஆயிரத்தை நண்பரிடம் கேட்கலாம். கையில் ஒன்றுமில்லாதவரிடம் கேட்டு என்ன பயன்? நூல் ஆர்டரை எழுபதுக்காரர் யாரையும் கேட்காமல் கொடுத்திருந்தாலும், அது வழக்கமான தொழில் தேவைக்கு என்றால் இருவரையும் கட்டும்.

பாதியில் விலகுபவர்கள் செய்வது இன்னொரு தவறு. கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்டால் போதாது. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் விளம்பரம், உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றில் விளம்பரம் என மூன்றும் வேண்டும். இல்லாவிட்டால், விலகிய பிறகு நிறுவனம் வாங்கும் கடனும் அவர் தலையில் விழலாம்.

சரி, இதே யூனிட் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால்? பங்குக்கான பணத்தை முழுதாகக் கட்டிவிட்ட பிறகு, மில்காரர் கம்பெனியின் சொத்தைத்தான் தொட முடியும். வீட்டைத் தொட முடியாது. ஆனால் இந்தப் பாதுகாப்பை இயக்குநர்கள் பெரும்பாலும் தங்கள் கையாலேயே இழக்கிறார்கள். கம்பெனிக்குக் கடன் தரும்போது வங்கி தனிநபர் உத்தரவாதம் கேட்கும். கடன் தாள்களோடு தாளாக அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், கம்பெனி மீது வழக்குப் போட்டு முடியும்வரை வங்கி காத்திருக்க வேண்டியதில்லை; நேராக உங்களிடமே வரலாம். கம்பெனி திவால் நடைமுறையில் தீர்வு கண்டாலும் உத்தரவாதம் தானாக ஒழியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. இயக்குநர் பதவியை ராஜினாமா செய்வதாலும் அது போகாது. வங்கியிடமிருந்து எழுத்தில் விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும்.

ஜிஎஸ்டி பாக்கியிலும் கவனம் தேவை. கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாமல் போனால், அந்தக் காலத்தில் இயக்குநராக இருந்தவர்களிடம் துறை கேட்கும். பெரும் அலட்சியமோ கடமை தவறியதோ தன் பக்கம் இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் இயக்குநர்தான். ஆகவே கணக்கை நண்பர் பார்த்துக்கொண்டாலும், ரிட்டர்ன் தாக்கல் ஆகிறதா, வரி கட்டியாகிறதா என்று மாதாமாதம் போர்ட்டலில் நீங்களே பாருங்கள். கட்டவில்லை என்று தெரிந்தால் அன்றே நண்பருக்கு மெயிலில் எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.