ஏற்றம்–இறக்கம் முறையில் ஆர்.எல்.: விடைகள் நெருங்கி நிற்கும்போது

விருதம்பட்டுக் கரையிலிருந்து பாலாற்று மணலுக்கு இறங்கும் ஒரு லெவலிங் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் பயிற்சிக்காகப் போட்டவை. பென்ச் மார்க்கின் ஆர்.எல்., அதாவது அடிப்படை மட்டத்திலிருந்து அதன் உயரம், 215.000 மீ. ஸ்டாஃப் அளவுகள் வரிசையாக: 0.865, 1.430, 2.210, 3.120, 1.055, 1.640, 0.985, 2.310. நான்காவது அளவு எடுத்தபின் கருவி இடம் மாற்றப்பட்டது. கடைசிப் புள்ளியின் ஆர்.எல். என்ன?

அ) 211.480  ஆ) 211.490  இ) 211.590  ஈ) 213.555

முதலில் எந்த அளவு எந்தக் கட்டத்தில் விழும் என்று பாருங்கள். கருவியை வைத்ததும் எடுக்கும் முதல் அளவு பேக்சைட். கருவியைத் தூக்குவதற்கு முன் எடுக்கும் கடைசி அளவு ஃபோர்சைட். நடுவில் வருபவை இன்டர்மீடியட். ஆகவே 3.120 ஃபோர்சைட், 1.055 பேக்சைட். இரண்டும் ஒரே புள்ளியில், சேஞ்ச் பாயின்ட் C-யில் எடுத்தவை. அதனால் இரண்டையும் ஒரே வரிசையில்தான் எழுத வேண்டும். தனித்தனி வரிசையில் எழுதினால் இல்லாத ஒரு புள்ளி அட்டவணையில் முளைத்துவிடும்.

| புள்ளி | பேக் | இன்டர் | ஃபோர் | ஏற்றம் | இறக்கம் | ஆர்.எல். |
|---|---|---|---|---|---|---|
| பெ.மா. | 0.865 | | | | | 215.000 |
| A | | 1.430 | | | 0.565 | 214.435 |
| B | | 2.210 | | | 0.780 | 213.655 |
| C | 1.055 | | 3.120 | | 0.910 | 212.745 |
| D | | 1.640 | | | 0.585 | 212.160 |
| E | | 0.985 | | 0.655 | | 212.815 |
| F | | | 2.310 | | 1.325 | 211.490 |

முந்தைய அளவிலிருந்து இந்த அளவைக் கழியுங்கள். மிச்சம் வந்தால் ஏற்றம், குறை வந்தால் இறக்கம். அளவு கூடினால் தரை இறங்குகிறது. ஸ்டாஃபின் அடி கீழே போகப் போக, பார்வைக் கோடு அதன் மேற்பகுதியில் விழுவதுதான் காரணம்.

பெரும்பாலோர் தடுமாறுவது C வரிசையில்தான். C-யின் இறக்கத்துக்கு மேலே உள்ள 2.210-ஐயும் C-யின் ஃபோர்சைட் 3.120-ஐயும் ஒப்பிட வேண்டும். அதோடு பழைய கருவி நிலை முடிந்தது. D-க்கு வரும்போது ஒப்பிட வேண்டியது C-யின் பேக்சைட் 1.055. இங்கே 3.120-ஐயே மறுபடி எடுத்தால் 0.585 இறக்கம் வரவேண்டிய இடத்தில் 1.480 ஏற்றம் வரும், கடைசியில் 213.555 கிடைக்கும். விடை ஈ அந்தத் தவறுக்காகவே வைத்தது. வித்தியாசம் 2.065, அது 3.120-க்கும் 1.055-க்கும் உள்ள வித்தியாசமே. உங்கள் விடையும் சரியான விடையும் சேஞ்ச் பாயின்ட் வரிசையின் வித்தியாசத்தளவு விலகி நின்றால், தவறு எங்கே என்று தேட வேண்டியதே இல்லை.

அ, இ இரண்டும் கழித்தல் பிழைகள். 1.325-ஐ 1.335 என்று எழுதினால் 211.480, 1.225 என்று எழுதினால் 211.590. புள்ளியை விட்டு 2310, 985 என்று மில்லிமீட்டரிலேயே கழிப்பது நல்லது. கடன் வாங்கும் இடத்தில் கை தவறுவது இதில் குறைவு.

இனிச் சரிபார்ப்பு. பேக்சைட் கூட்டல் 1.920, ஃபோர்சைட் கூட்டல் 5.430; வித்தியாசம் −3.510. ஏற்றம் 0.655, இறக்கம் 4.165; அதுவும் −3.510. கடைசி ஆர்.எல்.லிலிருந்து முதல் ஆர்.எல்.லைக் கழித்தாலும் −3.510. விடை ஆ.

மூன்றும் ஒத்துவராதபோது எது தனித்து நிற்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டும் ஒத்து மூன்றாவது மாறினால் ஆர்.எல். கூட்டிக் கழித்ததில் பிழை. பின் இரண்டும் ஒத்து முதலாவது மாறினால், ஏற்ற இறக்கக் கட்டத்திலோ, பேக், ஃபோர் கூட்டலிலோ பிழை. ஈ விடைக்குப் போனவருக்கு −3.510, −1.445, −1.445 என்று வரும்.

தேர்வில் கடைசிப் புள்ளி மட்டும் கேட்டால் அட்டவணையே வேண்டாம்: 215.000 + 1.920 − 5.430 = 211.490. நடுப்புள்ளி E கேட்டால், அதுவரை வந்த பேக்சைட்டுகளைக் கூட்டி, C-யின் ஃபோர்சைட்டையும் E-யின் அளவையும் கழியுங்கள்: 215.000 + 1.920 − 3.120 − 0.985 = 212.815.

களத்தில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சரிபார்ப்பு பிடிப்பது கணக்குப் பிழையை மட்டுமே. E-யில் 0.985-ஐ 0.895 என்று படித்துவிட்டால் ஏற்றம் 0.745 ஆகும், அடுத்த இறக்கம் 1.415 ஆகும். இரண்டிலும் கூடிய 0.090 ஒன்றையொன்று அடித்துவிடும். மூன்று வித்தியாசமும் −3.510 என்றே வரும், F-உம் சரியாகவே இருக்கும், E மட்டும் 9 செ.மீ. உயர்ந்து நிற்கும். ஆகவே இன்டர்மீடியட் அளவை எழுதியபின் கருவிக்குள் இன்னொரு தரம் பார்த்துவிட்டே ஸ்டாஃப்காரரை நகரச் சொல்லுங்கள்.