கிராமத்து விளம்பரத்துல பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா விளம்பரம் எழுத வர்ற பசங்க கிராமம்னு சொன்னதும் பேச்சுத் தமிழ்ல இறங்கிடுறாங்க. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழையெல்லாம் புரூஃப் பாக்குறவர் பிடிச்சிடுவாரு, அத விடுங்க.

மைக்ல பேசுறத அப்படியே சுவத்துல எழுதுறது

இன்னிக்கும் எரிச்சல் வர்றது இதுலதான். ஒரு கம்பெனி மாட்டுக்கான தாது உப்புக்கு விளம்பரம் கேட்டுச்சு. அவங்க குடுத்த வாசகம் "தங்கள் கால்நடைகளின் உற்பத்தித் திறனை மேம்படுத்தும்". பால்காரர் யாரும் இப்படி யோசிக்க மாட்டாரு, மாத்தணும்ங்கறது சரிதான். ஆனா மாத்துன பையன் கோயம்புத்தூர்க்காரன், "தெனமும் மாட்டுக்கு இத வெக்கோணுமுங்க, பாலு நெறையா கறக்குமுங்க"ன்னு எழுதிட்டான். ஆட்டோ மைக்குக்கு அருமை, அதுவும் கொங்குப் பக்கம் மட்டும். அதையே தஞ்சாவூர்ப் பக்கம் சுவர் சுவரா எழுதி வச்சா, யாரோ கிண்டல் பண்ற மாதிரி இருக்குன்னு டீலரே சொல்லிட்டாரு, திரும்ப வெள்ளையடிச்சு பெயின்ட் கூலி ரெண்டு மடங்கு.

வட்டாரம் மட்டும் இல்ல பிரச்சனை. பள்ளிக்கூடப் புத்தகம், பஸ் போர்டு, ரேஷன் கடை அறிவிப்புன்னு ஊர்க்காரங்க கண்ணு பழகினது எழுத்துத் தமிழ்தான். "வெக்கோணுமுங்க"ன்னு பாத்தா எழுத்துக்கூட்டிப் படிக்கணும், அதுக்குள்ள பஸ் போயிடும். அதனால சுவத்துக்கும் நோட்டீஸுக்கும் வார்த்தை அவங்க வார்த்தையா இருக்கட்டும், வினைச்சொல் எழுத்து வடிவத்துல இருக்கட்டும்:

"பால் கூடும். சினை பிடிக்க உதவும். மாட்டுக்குத் தினமும் 50 கிராம் தாது உப்பு."

மைக்குக்கு வேற:

"மாடு பருவத்துக்கு வந்து ஊசி போட்டும் சினை நிக்கலையா? தவிட்டுல தாது உப்பு கலந்து குடுத்துப் பாருங்க."

'உதவும்'ங்கறத சும்மா போடல. சினை நிக்காததுக்குக் கர்ப்பப்பை நோவு, ஊசி போட்ட நேரம் தப்புனதுன்னு பல காரணம் இருக்கு, "கண்டிப்பா நிக்கும்"னு எழுதிட்டா நிக்காத மாட்டுக்காரர் நேரா கடைக்கு வந்து நிப்பாரு.

அளவைப் பேச்சு மொழியில எழுதுறது

பாக்கெட்ல "ஒரு கைப்பிடி"ன்னு போடாதீங்க, கை ஆளுக்கு ஆள் மாறும். கிராம் போடுங்க, உள்ள அளவுக் கரண்டி இருந்தா எத்தனை கரண்டின்னும் போடுங்க. விலை, காலாவதித் தேதி, எச்சரிக்கை எல்லாம் சுத்தமா எழுத்துத் தமிழ்லயே இருக்கணும், அங்க பேச்சு மொழி வந்தா பொருளே டூப்ளிகேட்டோன்னு சந்தேகப்படுறாங்க.

ஒருமையில கூப்பிடுறது

"வாங்கு", "போடு" வேண்டாம். மைக்ல "வாங்குங்க"வே போதும், சுவத்துல "வாங்குங்கள்".

ஆபீஸ்லயே படிச்சு ஓகே பண்றது

பெயின்டருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தீவனக்கடைல நிக்கிற ஒருத்தர்கிட்ட குடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. அர்த்தம் புரியுதான்னு கேக்காதீங்க, மரியாதைக்குப் புரியுதுன்னுதான் சொல்லுவாரு. எந்த எடத்துல திக்கி, திரும்ப முதல்ல இருந்து படிக்கிறாருன்னு பாருங்க, அந்த வார்த்தைய மட்டும் மாத்தினா போதும்.