டாஷ்போர்டில் 5.90 கோடி, நிதி அறிக்கையில் 4.34 கோடி: விளக்க மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதக் கணக்கு முடிந்து நிதித்துறையின் அறிக்கை வந்ததும் மேலாளரிடமிருந்து ஒற்றை வரிக் கேள்வி வரும்: "டாஷ்போர்டில் இருக்கும் வருவாய் ஏன் இதோடு ஒத்துப்போகவில்லை?" பகுப்பாய்வாளர்கள் எழுதும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கிறது:

> வணக்கம் மேடம். டாஷ்போர்டு நேரடியாக ஆர்டர் தரவிலிருந்து எடுக்கப்படுகிறது. ஜிஎஸ்டி, ரத்தான ஆர்டர்கள், திரும்பி வந்த பொருட்கள், நேர மண்டல வேறுபாடு போன்ற பல காரணங்களால் நிதி அறிக்கையுடன் வித்தியாசம் இருக்கலாம்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் 'இருக்கலாம்' என்ற சொல்லே எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு தொகை இல்லையென்றால் மேலாளர் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அடுத்த கேள்வி நிச்சயம் வரும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சொந்த இணையதளத்தில் மிக்ஸி விற்கும் நிறுவனம். ஜிஎஸ்டி 18 சதவீதம். மார்ச் மாதத்துக்கு டாஷ்போர்டு காட்டுவது 590 லட்சம். நிதி அறிக்கையில் இருப்பது 434.20 லட்சம். வித்தியாசம் 155.80 லட்சம்.

இதில் பெரும்பங்கு வரி. வாடிக்கையாளர் செலுத்தும் தொகையில் ஜிஎஸ்டியும் அடக்கம். அது அரசுக்குப் போக வேண்டிய பணம் என்பதால் நிதித்துறை அதை வருவாயாகக் காட்டாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 590 லட்சத்தில் 18 சதவீதம் என்று போட்டால் 106.20 லட்சம் வரும். அது தவறு. 590 என்பது வரி சேர்ந்த தொகை; அடிப்படை விலை 100 என்றால் வாடிக்கையாளர் தருவது 118. ஆகவே சரியான கணக்கு இது:

```
590 × 18 / 118 = 90
```

இந்த ஒரு பிழையிலேயே 16.20 லட்சம் எங்கிருந்தோ முளைத்துவிடும். பிறகு அதைச் சரிக்கட்ட இல்லாத காரணத்தைத் தேடி இரண்டு நாள் அலைய வேண்டியிருக்கும்.

வரியை முதலில் மொத்தமாகக் கழித்துவிட்டால், அதற்குப் பின் பட்டியலில் வரும் எல்லாத் தொகைகளும் ஜிஎஸ்டி நீங்கியவையாகவே இருக்க வேண்டும். ரத்தான ஆர்டர்களின் மதிப்பு ஆர்டர் அட்டவணையில் 35.40 லட்சம் என்று இருக்கும். அதை அப்படியே கழித்தால் அதற்குள் இருக்கும் 5.40 லட்சம் வரியை இரண்டு முறை கழித்ததாகிவிடும். கழிக்க வேண்டியது 30 லட்சம்.

அடுத்தது காலம். இந்தியக் கணக்கியல் தரநிலை இண்ட் ஏஎஸ் 115, பொருளின் கட்டுப்பாடு வாடிக்கையாளரின் கைக்குப் போகும்போதுதான் வருவாயைப் பதியச் சொல்கிறது. நம் நிறுவனத்தின் விற்பனை நிபந்தனைப்படி அது டெலிவரி ஆகும் நாள். டாஷ்போர்டோ ஆர்டர் போட்ட நாளைப் பார்க்கிறது. ஆகவே மார்ச்சில் பதிவாகி ஏப்ரலில் டெலிவரி ஆன 42 லட்சத்தைக் கழிக்க வேண்டும். முந்தைய மாதக் கணக்கில் பதிவாகி மார்ச்சில் டெலிவரி ஆன 25 லட்சத்தைக் கூட்ட வேண்டும். நிகரம் 17 லட்சம்தானே என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். ஆண்டு இறுதியில் தணிக்கையாளர் கேட்கப்போவது அந்த 42 லட்சத்தைப் பற்றித்தான்.

நேர மண்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோருக்கும் பிடித்த காரணம் அது. தரவுத்தளம் யுடிசி நேரத்தில் இயங்கினால் ஏப்ரல் 1 அன்று நள்ளிரவிலிருந்து அதிகாலை 5.30 வரை வந்த ஆர்டர்கள் மார்ச் 31 கணக்கில் விழும். உண்மைதான். ஆனால் அந்த ஆர்டர்கள் எவையும் மார்ச்சில் டெலிவரி ஆகியிருக்க முடியாது. அவை ஏற்கெனவே அந்த 42 லட்சத்துக்குள் (ரத்தாகியிருந்தால் 30 லட்சத்துக்குள்) இருக்கின்றன. மார்ச் 1 அதிகாலையில் வந்து பிப்ரவரியில் விழுந்தவையும் அப்படியே, டெலிவரி ஆகியிருந்தால் 25 லட்சத்துக்குள் அடக்கம். இதைத் தனி வரியாகச் சேர்த்தால் ஒரே பணம் இரண்டு இடத்தில் வரும். டெலிவரி நாளையும் யுடிசியில் எடுத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அதனால் முதலில் அதைச் சரிபாருங்கள்.

திரும்பி வந்த பொருட்களுக்காக நிதித்துறை கழித்திருப்பது 18 லட்சம். இதில் 15 லட்சத்துக்கு கிரெடிட் நோட்டுகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஆர்டர் எண்ணோடு பொருத்திவிடலாம். மீதி 3 லட்சம், விற்ற பொருட்களில் இன்னும் திரும்பி வரக்கூடியவற்றுக்காக அதே தரநிலைப்படி செய்த மதிப்பீடு. அதற்கு ஆர்டர் எண்ணே கிடையாது. ஆர்டர் அட்டவணையில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மாத இறுதி ஜர்னல் பதிவைக் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும்.

590-லிருந்து 90-ஐயும் 30-ஐயும் 42-ஐயும் கழித்து, 25-ஐக் கூட்டி, 18-ஐக் கழித்தால் 435 லட்சம். நிதி அறிக்கையோடு 80,000 ரூபாய் இடிக்கிறது. 'மற்றவை' என்று ஒரு வரி போட்டு இதை மூடிவிடும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. தொகை சிறியது என்பதற்காகப் பிழையும் சிறியது என்று ஆகிவிடாது. 9 லட்சம் கூடுதலும் 8.20 லட்சம் குறைவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 80,000 ஆகக் காட்சி தரலாம். ஆர்டர் எண் வாரியாக இன்வாய்ஸோடு பொருத்திப் பார்த்த பின்னரே மிச்சம் உண்மையிலேயே சிறியதா என்று சொல்ல முடியும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு மின்னஞ்சலை நீட்டி முழக்கத் தேவையில்லை:

> வணக்கம் மேடம்,
>
> மார்ச் வருவாய் என்று வெளியே சொல்ல வேண்டியது நிதி அறிக்கையின் 434.20 லட்சம். டாஷ்போர்டின் 590 லட்சம், வரியோடு சேர்ந்த ஆர்டர் மதிப்பு. வித்தியாசமான 155.80 லட்சத்தில் 155 லட்சத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது:
>
> ஜிஎஸ்டி: 90 குறைவு
> ரத்தான ஆர்டர்கள்: 30 குறைவு
> ஏப்ரலில் டெலிவரி ஆனவை: 42 குறைவு
> முந்தைய மாத ஆர்டர், மார்ச் டெலிவரி: 25 கூடுதல்
> திரும்பியவை (3 லட்சம் மதிப்பீடு உட்பட): 18 குறைவு
>
> மீதி 0.80 லட்சத்துக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. இன்வாய்ஸ்களோடு பொருத்திக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன். டாஷ்போர்டு எண் ஏப்ரல் 8 காலை 10 மணி நிலவரம்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். டாஷ்போர்டு நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. மேடம் மாலையில் திறந்து பார்க்கும்போது 589.60 என்று இருந்தால் உங்கள் பட்டியல் முழுவதன் மீதும் சந்தேகம் விழும். நிதி அறிக்கையும் இறுதியானதா, தற்காலிகமானதா என்று கேட்டுக்கொண்டு எழுதுவது நல்லது.

"நிதித்துறை தவறாகக் கணக்கிட்டிருக்கிறது" என்ற தொனி எங்கும் வரக்கூடாது. அனுப்பும் முன் பட்டியலைக் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் காட்டிவிட்டால் பாதிச் சண்டை நடக்காது.

டாஷ்போர்டின் சூத்திரத்தை யாருக்கும் சொல்லாமல் மாற்றி 434.20-க்கு இழுத்துவருவது இவை எல்லாவற்றிலும் மோசம். விளம்பரம் போட்ட அன்று எத்தனை ஆர்டர் வந்தது என்று பார்க்க மார்க்கெட்டிங் பிரிவுக்கு அந்த 590 வேண்டும். மாற்ற வேண்டியது அதன் தலைப்பைத்தான்: 'வருவாய்' என்று இருப்பதை எடுத்துவிட்டு 'ஆர்டர் மதிப்பு, ஜிஎஸ்டி உட்பட' என்று வையுங்கள்.