இரையும் ஃபேன் ரெகுலேட்டர்: சத்தத்தின் இடத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

மும்பை செம்பூரில் பழைய குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் உறவினர் வீட்டில், மரப்பலகையில் பொருத்தியிருந்த பெரிய ரெசிஸ்டர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டுச் சிறிய எலக்ட்ரானிக் ரெகுலேட்டரை மாட்டினார்கள். அன்றிலிருந்து மின்விசிறி மூன்றாம் எண்ணில் இரையத் தொடங்கியது. பேரிங் தேய்ந்துவிட்டதென்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்படி முடிவு செய்யும் முன் செய்ய வேண்டிய சோதனைகளை, அந்த வீட்டில் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். சுவிட்ச் போர்டிலிருந்து பொரிவதுபோல் சத்தமோ கருகல் வாடையோ வந்தால், ஒயர் தளர்ந்திருக்கக்கூடும், உடனே அந்த இணைப்புக்கான எம்.சி.பி. என்ற பாதுகாப்புச் சுவிட்சை அணைத்து எலக்ட்ரீஷியனை அழையுங்கள். சீரான ரீங்காரம் மின்விசிறியிலிருந்து வந்தால் அடுத்த சோதனைக்குச் செல்லலாம்.

இரண்டாவதாக, ரெகுலேட்டரை முழு வேகத்துக்குத் திருப்புங்கள். இரைச்சல் அங்கே பெருமளவு அடங்கி, நடு வேகத்தில் மட்டும் உரக்கக் கேட்டால், காரணம் பேரிங் அல்ல, ரெகுலேட்டர்தான். பேரிங் தேய்ந்திருந்தால் முழு வேகத்திலும் சத்தம் கேட்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்பும், இறக்கைகள் சுழன்று ஓயும்வரை அது தொடரும்.

நடு வேகத்தில் ஏன் அதிகம் இரைகிறது? படிகள் இல்லாமல் வழுக்கிச் சுழலும் குமிழ் கொண்ட ரெகுலேட்டர்களில் ட்ரையாக் என்ற சிறு பாகம் இருக்கும். அது மின்னழுத்தத்தைச் சீராகக் குறைப்பதில்லை; நொடிக்கு 100 முறை வரும் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியைத் துண்டித்துவிட்டு, மிச்சத்தைத் திடீரென்று திறந்துவிடுகிறது. 230 வோல்ட் இணைப்பில் அலையின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். நடு வேகத்தில் அந்த உச்சத்தின் அருகில்தான் ட்ரையாக் திறப்பதால், சுருளும் இரும்புத் தகடுகளும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சியை வாங்கி அதிர்கின்றன. காதில் விழுவது அந்த அதிர்வுதான்.

பழைய ரெசிஸ்டர் ரெகுலேட்டர் அலையின் வடிவத்தைக் கெடுக்காது, ஆகவே இரையாது. ஆனால் அது தடுக்கும் மின்னழுத்தம் முழுவதும் வெப்பமாகிறது: 0.2 ஆம்பியர் ஓடும்போது 100 வோல்ட்டைத் தடுத்தால், 20 வாட் பெட்டிக்குள்ளேயே வீணாகும். பெட்டியைத் தொட்டால் சுடுவது அதனால்தான். வேகத்தைக் குறைத்தால் மின்கட்டணமும் அதே அளவு குறையும் என்று எண்ண இயலாது.

இவ்விரண்டு குறைகளும் இல்லாதது கண்டன்சர் வகை ரெகுலேட்டர். மின்விசிறிக்குத் தொடராக வெவ்வேறு கண்டன்சர்களைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பதால், அலை பெரும்பாலும் முழுமையாகவே இருக்கும், வெப்பமும் மிகக் குறைவு. குமிழைத் திருப்பும்போது நான்கைந்து படிகளாக ‘டக் டக்’ என்று விழும். ஆனால் படிகள் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மும்பையின் மின்சாதனச் சந்தையான லோஹார் சாலில் ஆனாலும் தெருமுனைக் கடையில் ஆனாலும், ‘கண்டன்சர் டைப்தானே?’ என்று கேட்டு, உறையிலும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மாற்றும்போது எம்.சி.பி.யை அணைத்து, டெஸ்டரால் இரண்டு ஒயர்களையும் சோதித்து, ஒயர்கள் இருந்த நிலையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனை ரெகுலேட்டர் சுவிட்சுக்கும் மின்விசிறிக்கும் இடையே, ஃபேஸ் ஒயரில் தொடராக அமைய வேண்டும். நியூட்ரலை அதில் இணைக்கக் கூடாது. கழற்றிய கண்டன்சர் ரெகுலேட்டரின் முனைகளைத் தொடாதீர்கள். உள்ளே மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். உள்ளேயே எலக்ட்ரானிக் சுற்றால் வேகத்தை மாற்றும் பி.எல்.டி.சி. மின்விசிறியாக இருந்தால், இவ்வகை ரெகுலேட்டர் எதையும் அதனுடன் சேர்க்கக் கூடாது.

கண்டன்சர் வகை ரெகுலேட்டருக்கு மாற்றியதும் செம்பூர் வீட்டில் இரைச்சல் நின்றது. ஆனால் முதல் எண்ணில் மின்விசிறி நகரவே தயங்கியது. குறைந்த வேகத்தில் ஓரளவு மந்தம் இயல்பே: மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும், அழுத்தம் பாதியானால் விசை கால்பங்குதான். எனவே முழு வேகத்தில் மறைந்திருக்கும் சிறு பலவீனம்கூட முதல் எண்ணில் வெளிப்பட்டுவிடும்.

இங்கே பிரித்தறிய ஒரு வழி உண்டு. முழு வேகம் நன்றாக இருந்து, கீழ் எண்கள் மட்டும் முன்பைவிட மந்தமானால் ரெகுலேட்டரின் கண்டன்சர்கள் வலுவிழந்திருக்கலாம். முழு வேகமும் குறைந்திருந்தால் மின்விசிறியின் சொந்தக் கண்டன்சரையோ, இறுகிய பேரிங்கையோ, குறைந்த வோல்டேஜையோ சந்தேகியுங்கள். அந்த வீட்டில் முழு வேகமும் குறைந்தே இருந்தது. மின்சாரத்தை அணைத்து இறக்கையைக் கையால் தள்ளியபோது தடையின்றிச் சுழன்றதால் பேரிங் மீது குற்றமில்லை. மேல்கிண்ணத்துக்குள் இருந்த கண்டன்சரில் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மின்னிறக்கம் செய்து மல்ட்டிமீட்டரில் அளந்தபோது 1.7தான் காட்டியது. அதே 2.5 மதிப்பும் அதே வோல்ட் அளவும் கொண்ட புதியதைப் பொருத்தியபின், முதல் எண்ணிலேயே மின்விசிறி தானாகக் கிளம்பியது. வேகம் கூடுமென்று இதைவிடப் பெரிய மதிப்பை மாட்டாதீர்கள். சுருள் சூடேறிக் கெட்டுவிடும்.