ஐஸ் பெட்டிக்கு மாதம் எவ்வளவு கரண்டு ஓடும்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வாடகை அறை எடுக்கும் புது ஆட்களுக்கு வரும் முதல் சண்டை பெரும்பாலும் ஐஸ் பெட்டியில்தான் தொடங்கும். எனக்கும் அப்படித்தான். பழைய இரண்டு கதவுப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்ததும் வீட்டுக்காரர், "தம்பி, அதுக்கு மட்டும் மாசம் 40 வெள்ளி" என்றார். ஊரில் 100 யூனிட் இலவசம் பார்த்துப் பழகியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் கணக்கு இப்படி: பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் 120 வாட். 24 மணி நேரம், 30 நாள் என்றால் 86.4 யூனிட். பெருக்கலில் தப்பில்லை, ஆனால் கம்பிரசர் 24 மணி நேரமும் ஓடுவதில்லையே! குளிர் போதுமென்றதும் தெர்மோஸ்டாட் அதை நிறுத்திவிடும், உள்ளே சூடு ஏறியதும் மறுபடி ஓட்டும்.

அதனால் போனில் நேரம் பார்த்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் 10 நிமிடம் ஓடி 18 நிமிடம் நின்றது. மத்தியானம் துத்தநாகக் கூரை கொதிக்கும்போது 18 ஓட்டம், 14 ஓய்வு. இரவில் 12-க்கு 16. ஓடிய நேரத்தை, ஓட்டமும் ஓய்வும் சேர்ந்த நேரத்தால் வகுத்து மூன்றையும் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 45 சதவீதம், அதாவது நாளுக்குச் சுமார் 11 மணி நேரம்.

```
120 × 11 × 30 ÷ 1000 = 39.6
```

தானாக ஐஸ் கரைக்கும் பெட்டி என்பதால் அதன் ஹீட்டருக்கு இரண்டு மூன்று யூனிட் சேர்த்து 42 என்று வைத்துக்கொண்டேன். தகட்டில் ஹீட்டர் வாட் தனியாக இருக்கும், அதைக் கம்பிரசர் வாட்டோடு கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள்.

அடுத்து யூனிட் விலை. 2025 ஜூலையில் வந்த கட்டணத்தில் சாதாரண வீட்டுக்கு யூனிட் 44.43 காசு, மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் 25 காசு கழிவு போக 19.43 காசுதான். மேலே போகப் போகக் கழிவு குறையும். அதனால் வீட்டு பில்லைக் கேட்டு வாங்கி, மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள், அதுதான் உங்கள் விலை. என் 42 யூனிட்டுக்குக் கழிவே இல்லையென்றாலும் 18 வெள்ளி 66 காசு, முழுக் கழிவு கிடைத்தால் 8 வெள்ளி சொச்சம். தாளில் எழுதிக் காட்டினேன். அவர் முனகிக்கொண்டே 20-க்கு இறங்கினார்.

பெட்டி நிற்காமலே ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது. முதலில் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்துவிட்டது. ரப்பர் நன்றாக இருந்தும் குளிர் சரியாக இல்லையென்றால் கேஸ் குறைந்திருக்கலாம், கடைக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான். இன்வெர்ட்டர் பெட்டியா? அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும், கடிகாரம் உதவாது. பிளக்கில் செருகும் மின் அளவு மீட்டரை இரண்டு நாள் போட்டுவிட்டு, அது காட்டும் யூனிட்டை 15-ஆல் பெருக்குங்கள்.