எல்எஃப்பி செல்லில் dQ/dV, dV/dQ வளைவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மின்முனையில் லித்தியம் இரும்பு பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி, மறுமுனையில் கிராஃபைட் கொண்ட, 2.50 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஓர் உருளை செல்லை எடுத்துக்கொள்வோம். பல நூறு சுழற்சிகள் ஓடியபின் அதன் கொள்ளளவு 2.20-க்கு இறங்கிவிட்டது. 12 சதவீதம் போயிற்று என்பது வரை யாரும் சொல்லிவிடலாம். போனது எது என்பதுதான் கேள்வி. ஓடித் திரியும் லித்தியம் குறைந்ததா, அதை ஏற்கும் கிராஃபைட் குறைந்ததா, எதிர்ப்புறம் உள்ள எல்எஃப்பி குறைந்ததா? செல்லைப் பிரிக்காமலே இதற்குப் பதில் தேடத்தான் dQ/dV, dV/dQ வளைவுகளை வரைகிறோம். மின்னழுத்தம் சிறிது மாறும்போது எவ்வளவு மின்னூட்டம் போகிறது என்பது dQ/dV, அதன் தலைகீழ் dV/dQ. வளைவு வரைவது எளிது. அதைத் தப்பாகப் படிப்பது அதைவிட எளிது.

முதல் தவறு, சிகரம் யாருடையது என்றே பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்எம்சி செல்களுக்கான அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு எல்எஃப்பி வளைவைப் படிப்பவர்கள் நிறையப் பேர். எல்எஃப்பியின் மின்னழுத்தம் லித்தியத்தை ஒப்பிட்டால் சுமார் 3.43 வோல்ட்டில் கிட்டத்தட்ட நேர்கோடாகவே போகிறது. இரு முனைகளில் மட்டும் செங்குத்தாகத் திரும்பும். ஆகவே நடுவில் தெரியும் மேடு பள்ளம் எல்லாம் கிராஃபைட்டினுடையவை. மெதுவாகச் சார்ஜ் செய்தால் 3.33 வோல்ட் அருகே ஒரு dQ/dV சிகரமும் 3.37 அருகே இன்னொன்றும் தெரியும். கிராஃபைட் 0.12 வோல்ட்டிலும் 0.085 வோல்ட்டிலும் கட்டம் மாறுவதன் நிழல்கள் அவை. இரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளம்தான் dV/dQ வளைவில் நடுச்சிகரமாக எழுகிறது. கிராஃபைட் ஏறக்குறைய பாதி நிரம்பிய இடம் அது. 3.37 வோல்ட் சிகரம் சிறுத்துவிட்டது, எனவே எல்எஃப்பி கெட்டுவிட்டது என்று எழுதினால், முதல் வரியிலேயே மின்முனை மாறிப்போகிறது.

இந்த இரு சிகரங்களுக்கும் இடைவெளி 40 மில்லிவோல்ட் கூட இல்லை. அதனால்தான் மின்னோட்டத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்துவது இங்கே கட்டுப்படியாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். புது செல்லின் மின்தடை 15 மில்லிஓம், பழையதாகி 25 ஆனது என்று கொள்வோம். C/2-இல், அதாவது 1.25 ஆம்பியரில், இதனால் மட்டும் சிகரங்கள் சுமார் 12 மில்லிவோல்ட் வலப்புறம் நகரும். C/25-இல், அதாவது 100 மில்லிஆம்பியரில், நகர்வு 1 மில்லிவோல்ட்தான். வேகமாக ஓட்டினால் கிராஃபைட் துகள்களுக்குள் லித்தியம் சமமாகப் பரவ நேரமின்றிச் சிகரங்கள் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யும். எல்லாச் சிகரங்களும் ஒரே அளவு நகர்ந்து, பரப்பளவு மாறாமல் இருந்தால் அது மின்தடை கூடியதன் அடையாளம். பொருள் இழப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. புது செல்லுக்கும் பழைய செல்லுக்கும் ஒரே வெப்பநிலை, ஒரே மின்னோட்டம், ஒரே திசை இருக்க வேண்டும். ஒன்றின் சார்ஜ் வளைவை இன்னொன்றின் டிஸ்சார்ஜ் வளைவோடு ஒப்பிடவே கூடாது.

அடுத்தது, வகையீடு எடுக்கும் இடத்தில் வரும் சிக்கல். எல்எஃப்பியின் சமதளத்தில் மின்னழுத்தம் அவ்வளவு மெதுவாக ஏறுவதால், அடுத்தடுத்த பல அளவீடுகளில் அதே எண்ணே பதிவாகும். dV சுழியம், dQ/dV முடிவிலி. இதை மறைக்கப் பலமாக மழமழப்பாக்கினால் சிகர உயரம் நாம் தேர்ந்த சாளரத்தின் அளவைப் பொறுத்ததாகிவிடும், செல்லைப் பொறுத்ததாக இருக்காது. எல்எஃப்பிக்கு dV/dQ பக்கமிருந்து வருவதே பாதுகாப்பு. சாளரத்தைப் புள்ளிகளின் எண்ணிக்கையில் வைக்காமல் ஆம்பியர்-மணியில் வைக்க வேண்டும். இல்லையேல் புது செல்லுக்கு ஓர் அளவு, பழையதற்கு வேறு அளவு என்றாகும்.

```python
import numpy as np
from scipy.signal import savgol_filter

q = np.arange(0, Q.max(), 0.002)
v = np.interp(q, Q, V)
dvdq = savgol_filter(v, 31, 3, deriv=1, delta=0.002)
```

இங்கே `Q` ஆம்பியர்-மணியில், ஏறுவரிசையில் இருக்க வேண்டும். 31 புள்ளிகள் என்பது 0.06 ஆம்பியர்-மணி. மாறா மின்னழுத்தத்தில் சார்ஜ் ஆகும் கடைசிப் பகுதியை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். பிறகு சாளரத்தை 15 புள்ளி, 61 புள்ளி என மாற்றிப் பாருங்கள். நடுச்சிகரத்தின் உயரம் மாறும், அது பரவாயில்லை. அது நிற்கும் இடம் மாறினால் அந்தத் தரவை வைத்து எதுவும் சொல்ல வேண்டாம். dQ/dV-யும் வரைகிறீர்கள் என்றால், அதன் மொத்தப் பரப்பளவு அந்தச் சார்ஜில் உள்ளே போன ஆம்பியர்-மணிக்குச் சமமாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வடிகட்டி எதையோ விழுங்கியிருக்கிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நல்ல நிலையிலுள்ள எல்எஃப்பி செல்லில் டிஸ்சார்ஜ் முடிவது கிராஃபைட் காலியாகும்போது; சார்ஜ் முடிவது எல்எஃப்பி காலியாகும்போது. இரு முனையிலும் ஏதோ ஒன்று லித்தியம் இன்றி நிற்கிறது. அதனால் செல்லின் கொள்ளளவு என்பதே ஓடித் திரியும் லித்தியத்தின் அளவுதான். காலி முனையிலிருந்து நடுச்சிகரம் வரையுள்ள தூரம் கிராஃபைட்டின் அளவைச் சொல்கிறது. அங்கிருந்து முழுச் சார்ஜ் வரை உள்ள தூரம் மிச்சம். புது செல்லில் இவை 1.50, 1.00 என்று வைத்துக்கொள்வோம்.

2.20-க்கு இறங்கிய இரண்டு செல்கள் நம்மிடம் உள்ளன. முதலாவதில் 1.48, 0.72. இரண்டாவதில் 1.35, 0.85. முதல் செல்லில் கிராஃபைட் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. லித்தியம்தான் போயிருக்கிறது, பெரும்பாலும் கிராஃபைட்டின் மேல் படியும் எஸ்இஐ படலத்துக்குள். இரண்டாவதைப் பார்ப்பவர், இடப்பக்கம் 0.15 குறைந்தது, வலப்பக்கம் 0.15 குறைந்தது, ஆகவே பாதி கிராஃபைட் இழப்பு, பாதி லித்தியம் இழப்பு, தலா 6 சதவீதம் என்று பங்கு பிரிப்பார். அது தவறு. லித்தியம் 2.50-இல் 0.30 போயிருக்கிறது, அதாவது 12 சதவீதம். கிராஃபைட் 1.50-க்கு 1.35, அதாவது 10 சதவீத இழப்பு. இரண்டும் தனித்தனிக் கணக்குகள். கூட்டி 12 வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்தப் பிழை வெறும் எண் பிழையாக நிற்பதில்லை. மொத்தக் கொள்ளளவை இடப்பக்கத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். புது செல்லில் 1.67, முதல் செல்லில் 1.49, இரண்டாவதில் 1.63. முழுச் சார்ஜில் கிராஃபைட் எவ்வளவு நிரம்புகிறது என்பதற்கான அளவுகோல் இது. நடுச்சிகரம் பாதி நிரம்பிய இடத்தைச் சற்றே தாண்டி நிற்பதால், இந்த விகிதம் 2-ஐ எட்டுவதற்கு முன்பே கிராஃபைட்டில் இடம் தீர்ந்துவிடும். 2.35 ஆம்பியர்-மணி கொள்ளளவும் 1.25 இடப்பக்கத் தூரமும் உள்ள ஒரு செல்லுக்கு விகிதம் 1.88. கொள்ளளவில் இழந்தது 6 சதவீதம்தான் என்றாலும், பழைய மூன்று செல்களில் லித்தியம் உலோகமாகப் படியும் ஆபத்து அதிகம் உள்ளது இதுவே. கொள்ளளவை மட்டும் பார்ப்பவர் இதைத்தான் நல்ல செல் என்று ஒதுக்கி வைப்பார்.

இவ்வளவு கணக்கும் சார்ஜ் தொடங்கும் இடம் உண்மையிலேயே காலியாக இருந்தால்தான் பொருந்தும். 1C-இல் 2.5 வோல்ட் வரை இறக்கிவிட்டு உடனே மெதுவான சார்ஜைத் தொடங்குவது பரவலான பழக்கம். வேகமாக இறக்கினால் மின்தடையால் மின்னழுத்தம் முன்கூட்டியே எல்லையைத் தொட்டுவிடும், கிராஃபைட்டில் லித்தியம் மிஞ்சி நிற்கும். 0.08 ஆம்பியர்-மணி மிஞ்சினால் இடப்பக்கத் தூரம் 1.50-க்குப் பதில் 1.42 எனத் தெரியும். இல்லாத 5 சதவீதக் கிராஃபைட் இழப்பு அறிக்கையில் ஏறிவிடும். பழைய செல்லில் மின்தடை கூடுதல் என்பதால் மிச்சமும் கூடும், பிழையும் நம்பும்படியாகவே வளரும். இறக்கியபின் 1 மணி நேரம் ஓய்வு, பிறகு 100 மில்லிஆம்பியரில் மறுபடி 2.5 வோல்ட் வரை, அதன்பின் சில மணி நேர ஓய்வு, பிறகே C/25 சார்ஜ். இந்த ஒழுங்கைப் புது செல்லின் முதல் அளவீட்டிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும். பின்னால் திருத்த வழியில்லை.

ஏற்கெனவே எடுத்துவிட்ட தரவில் இந்தப் பிழை உண்டா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நடுச்சிகரத்துக்கு இடப்புறம், காலி முனைக்கு அருகே, கிராஃபைட்டின் இன்னொரு சிறிய dV/dQ மேடு உண்டு. புது செல்லில் அது 0.50-இல் இருந்தால், நடுச்சிகரத்திலிருந்து 1.00 தூரம். கிராஃபைட் 10 சதவீதம் குறைந்திருந்தால் இந்த இடைவெளியும் 0.90 ஆகச் சுருங்க வேண்டும். இடப்பக்கத் தூரம் 1.35 ஆகக் குறைந்தும் இடைவெளி 1.00-ஆகவே இருந்தால் கிராஃபைட் குறையவில்லை. காலி முனை வெட்டுப்பட்டிருக்கிறது. ஒன்று, செல் முழுதாக இறங்கவில்லை. அல்லது, எல்எஃப்பி நிரம்பிவிட்டதால் டிஸ்சார்ஜ் முன்பே நின்றுவிட்டது.

அந்த இரண்டாவது காரணம்தான் எல்எஃப்பி இழப்பு வெளியே தெரியும் ஒரே வேளை. முதல் சார்ஜில் எஸ்இஐ படலம் லித்தியத்தை எடுத்துக்கொண்டதால் எல்எஃப்பியில் தொடக்கத்திலிருந்தே காலியிடம் உண்டு. வயதாக ஆக லித்தியம் குறையும், அந்தக் காலியிடம் கூடும். நம் 2.20 செல்லில் 0.30 ஆம்பியர்-மணி அளவு காலியிடம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. லித்தியம் இல்லாத நிலையில் அந்த அளவுக்கு எல்எஃப்பி செயலிழந்தாலும் வளைவில் சுவடே இருக்காது. லித்தியத்தோடு சேர்ந்து துண்டிக்கப்பட்டாலோ, அது லித்தியம் இழப்பு என்ற கணக்கில் போய்ச் சேரும். ஆகவே அறிக்கையில் ‘எல்எஃப்பி இழப்பு 0 சதவீதம்’ என்று எழுதாதீர்கள். ‘இந்தச் சோதனையால் அறிய இயலாது’ என்பதே சரி.

நடுச்சிகரம் உயரம் குறைந்து அகன்றிருந்தாலும் பலர் கிராஃபைட் இழப்பு என்கிறார்கள். நிற்கும் இடம் மாறாமல் அகன்றது மட்டும் என்றால், மின்முனையின் ஒரு பகுதி முன்னும் ஒரு பகுதி பின்னுமாக அந்தக் கட்டத்தைக் கடக்கிறது என்றே பொருள். நெடுநாள் சேமிப்பில் கிடந்த செல்லில், எதிர்ப்புறம் எல்எஃப்பி இல்லாத கிராஃபைட் ஓரங்களுக்குள் லித்தியம் மெல்ல நகர்ந்து போவதாலும் இப்படி ஆகும். கொள்ளளவும் கொஞ்சம் குறையும். இதில் கணிசமான பகுதி மெதுவான சுழற்சிகளுக்குப் பின் திரும்பி வரும். எனவே சேமிப்பிலிருந்து எடுத்தவுடன் செய்யும் முதல் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

எல்எஃப்பியின் நிலை தெரிந்தே ஆக வேண்டும் என்றால் செல்லைத் திறப்பதுதான் வழி. முழுக்க டிஸ்சார்ஜ் செய்த நிலையில், ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் திறந்து, மின்முனைப் படலத்தின் ஒரு பக்கப் பூச்சை நீக்கி, வட்டத் துண்டுகள் வெட்டி, லித்தியத் தகட்டை எதிர்முனையாக வைத்து நாணய செல் கட்டி அளக்க வேண்டும். ஒப்பிட, அதே தொகுதியைச் சேர்ந்த புது செல்லிலிருந்தும் அதே பரப்பளவுத் துண்டு வேண்டும். சுருளின் நடு, ஓரம், உள்சுற்று, வெளிச்சுற்று என நாலைந்து இடங்களில் வெட்டுங்கள். ஒரே துண்டை வைத்து முழுச் செல்லுக்கும் சதவீதம் சொன்னால், வளைவைத் தப்பாகப் படித்த அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்.