தக்காளி எவ்வளவு பழுத்திருக்கிறது என்று போட்டோவில் பார்க்கும்போது வரும் தவறுகள்

செடியில் நிற்கும் தக்காளியை மேலிருந்து படம் எடுத்து மண்டிக்கு அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. தக்காளி காம்புப் பக்கம் பழுக்கத் தொடங்குவதில்லை. பூ உதிர்ந்த அடிமுனையில்தான் நிறம் முதலில் விழும், அங்கிருந்து தோள் நோக்கி ஏறும். மேலிருந்து எடுத்த படத்தில் தோள் பச்சையாகத் தெரிகிறதே என்று இரண்டு நாள் விட்டால், வெயில் காலத்தில் பறிக்கப் போகும்போது பாதி பழுத்து நிற்கும். காயைப் பறித்துக் கவிழ்த்து, அடியும் பக்கமும் தெரிய எடுங்கள்.

படிநிலையைப் பரப்பளவால் சொல்வதுதான் வழக்கம். நிறம் மாறிய பரப்பு பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிறம் விழுந்த காய். பத்தில் மூன்று வரை போனால் திரும்பும் காய். ஆறு வரை நம்ம ஊர் செங்காய், ஒன்பது வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் பழம். ஒரு படத்தில் காயின் ஒரு பக்கம்தான் தெரியும். அதனால் ஒரு காய்க்கு இரண்டு படமாவது வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். ஒருமுறை மாலை ஐந்தரை மணிக்கு, நீலத் தார்ப்பாயில் கொட்டிய குவியலைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்த தரகர் "எல்லாம் பழம், உள்ளூருக்குத்தான் ஆகும்" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு அதே குவியலில் பத்துக் காயை நிழலில் வெள்ளைத் தாளில் வைத்து எடுத்தேன். ஒரு ராத்திரி கூடுதலாகப் பழுத்திருந்தும் ஆறு காய் செங்காய்தான்! சாய்வெயிலின் மஞ்சள் ஒளி ஒரு பக்கம், தார்ப்பாயின் நீலத்தைச் சரிக்கட்ட கேமரா சூடேற்றிய நிறம் இன்னொரு பக்கம். பச்சை நிழல்வலைக்குள் எடுத்தாலும் நிறம் கெடும். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரியவில்லையென்றால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். குவியலில் மேலே கிடப்பதை மட்டும் எடுக்காமல், அடியிலிருந்தும் நாலு காய் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைக் காய் விஷயத்தில் படம் உதவவே உதவாது. முற்றிய பச்சையும் பிஞ்சுப் பச்சையும் கேமராவுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு காயைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். விதையைச் சுற்றிக் கூழ் கட்டி, கத்திக்கு விதை வழுக்கி ஒதுங்கினால் முற்றியது, பறித்தபின் பழுக்கும். விதையும் சேர்ந்து அறுபட்டால் இன்னும் பிஞ்சு. பறித்தால் சரியாகப் பழுக்காது.

கோடையில் இன்னொரு குழப்பம் வரும். 30 டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாமல் காய் ஆரஞ்சாகவே நிற்கும். நிறத்தைப் பார்த்துச் செங்காய் என்று தொலைதூரத்துக்கு ஏற்றினால், தொட்டால் மெத்தென்று இருக்கும் பழம் பெட்டியில் நசுங்கிப் போகும். சித்திரை, வைகாசியில் படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்புகிறேன்: விரலால் அழுத்தினால் எப்படி இருக்கிறது என்று.